பேர் சொல்லி எழுதிய மின்னஞ்சல்

மிக மரியாதையான ஒரு மின்னஞ்சலைப் படித்துத்தான் மேனுஷா பயந்துபோனாள்.

செவ்வாய்க்கிழமை காலை. லண்டன் அல்பேர்ட்டனில் கனாலுக்குப் பக்கத்துக் களஞ்சியத்தின் மேல்தட்டில், கண்ணாடி போட்ட சின்னக் கந்தோர் அறை. கீழே பாரந்தூக்கி வண்டில்கள் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் சத்தம். அவள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. திரையில் போலந்து மொழியில் இரண்டே வரி. தொடக்கத்தில் 'ஷனோவ்னா பானி' என்றிருந்தது. மதிப்புக்குரிய அம்மணி. முடிவில் ஆழ்ந்த மதிப்புடன் என்று ஒரு கையொப்பம். நடுவில், தங்கள் செய்தி கிடைத்தது என்றும், ஓடர் தொடர்பான முடிவு நிர்வாகத்தின் பரிசீலனைக்குப் பின் தெரிவிக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. திகதி கிடையாது. எழுதியவள் போலந்துத் தொழிற்சாலையில் ஓடர்களைப் பார்க்கிற பொழேனா.

இதே பொழேனா போன கிழமைவரை 'பானி மேனுஷோ' என்றுதான் தொடங்குவாள். பானி என்ற மரியாதையோடு சொந்தப் பேரையும் சேர்த்துக் கூப்பிடுகிற அந்த இடத்துக்கு வர இரண்டு பேருக்கும் ஒரு வருசத்துக்கு மேல் எடுத்தது. கடைசியில் லண்டனில் மழையா என்று ஒரு வரி, நல்ல வார இறுதி என்று ஒரு வரி. இன்றைக்குப் பேரும் இல்லை, மழையும் இல்லை. போலந்துக்காரர் கோபத்தில் மரியாதையைக் குறைப்பதில்லை, கூட்டுவார்கள். கூட்டிக் கூட்டி, கதவுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். இது அந்தக் கந்தோரில் மேனுஷாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் யாழ்ப்பாணத்தில் ஏ-லெவல் முடித்த கையோடு வார்சாவுக்குப் படிக்கப் போனவள். படிப்பு பகலில், மற்ற நேரமெல்லாம் ஹோட்டல் வேலை. முதல் வருசம் அறை துடைத்தாள். துடைக்கிறவர்களுக்குள் நீ, வா, போதான். அந்த மொழியை மூன்று மாதத்தில் பிடித்துவிட்டாள். பிறகு வரவேற்பு மேசைக்கு ஏற்றினார்கள். அங்கேதான் இன்னொரு போலந்து மொழி இருப்பது தெரிந்தது. அதில் எதிரே நிற்பவரை 'நீ' என்று சொல்வதே இல்லை. ஐயா விரும்புகிறாரா, அம்மணி அனுமதிப்பாரா என்று, முன்னால் நிற்கிறவரைப் பற்றி வேறு யாரிடமோ கேட்பதுபோலக் கேட்க வேண்டும். வைத்தியரென்றால் வைத்தியர் ஐயா. கொம்பனித் தலைவரென்றால் 'பானியே ப்ரெசெசியே', தலைவர் ஐயா. துணை இயக்குநராக இருந்தாலும் 'துணை'யை விழுங்கிவிட்டு இயக்குநர் ஐயா என்றே விளிக்க வேண்டும். விளிக்கும்போது குடும்பப் பேரைப் போட்டுவிடக் கூடாது; போட்டால் பொலிஸ்காரன் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்னபோது, களஞ்சியத்துக்குப் பொறுப்பான செபமாலைமுத்து சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப துணைக் களஞ்சியக்காரனும் அங்க பெரியாள்தான். எனக்கு அங்க ஒரு வேலை எடுத்துத் தா பிள்ளை."

"உங்களுக்குக் குளிர் ஒத்துவராது, முத்தண்ணை."

"ஐயா எண்டு கூப்பிட்டாப் போதும், குளிராது."

இந்த மொழிக்காகத்தான் முதலாளி தியாகராஜா அவளை வேலைக்கு எடுத்தார். லண்டனில் தமிழ் ஆக்களின் மூலைக்கடைகளில் பாதிக்கு மேல் ஒரு போலந்துத் தட்டு இருக்கும்: ஊறுகாய் வெள்ளரி, புளித்த மாவுச் சூப், சொசேஜ். அந்தக் கடைகளுக்குச் சாமான் கொடுப்பதுதான் அவருடைய வியாபாரம். முன்பு வேறு இறக்குமதிக்காரர்களிடம் வாங்கினார். மேனுஷா வந்த பிறகுதான் போலந்தில் ஒரு தொழிற்சாலையோடு நேரடியாகப் பேச முடிந்தது. அவளுக்கு வேலை விசா எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அந்த விசா ஜூனில் முடிகிறது. கொம்பனி மறுபடி பொறுப்பெடுத்தால் இருக்கலாம். இல்லையென்றால் இருக்க ஏலாது. கேட்டபோதெல்லாம் தியாகராஜா ஒரே மறுமொழிதான் சொல்வார்.

"நீ என்ர தங்கச்சி மாதிரி. ஈஸ்டர் சாமான் வந்து இறங்கட்டும், பேப்பர் வேலையைப் பாப்பம். யோசிக்காத பிள்ளை."

தங்கச்சியிடம் எழுதித் தரச் சொல்லி யார் கேட்பார்கள்? அவளும் கேட்கவில்லை.

ஈஸ்டர்தான் வருசத்தின் பெரிய வியாபாரம். பீட்ரூட்டும் ஹார்ஸ்ராடிஷும் அரைத்த சிவப்புப் போத்தல் அந்த இரண்டு கிழமையில் பறக்கும். அதில்லாத கடைக்குப் போலந்துச் சனம் வராது. ஒருமுறை வேறு கடைக்குப் போனவர்கள் திரும்பியும் வரமாட்டார்கள். அந்தப் போத்தல்களை ஏற்றி வர வேண்டிய லொறியைத்தான் இப்போது பொழேனாவின் இரண்டு வரி நிறுத்தி வைத்திருந்தது.

ஏனென்று மேனுஷாவுக்குத் தெரியும். வியாழக்கிழமை அவளே தன் கையால் அடித்து அனுப்பிய மின்னஞ்சல்தான்.

போன இலையுதிர் காலத்தில் தியாகராஜா போலந்துக்கு உணவுக் கண்காட்சிக்குப் போயிருந்தார். அதுவரை அந்தத் தொழிற்சாலையில் அவரை ஒரு பொம்பிளை என்றே நினைத்திருந்தார்கள். அவர்களுடைய நாட்டில் 'ஆ'வில் முடிகிற பேரென்றால் அநேகமாகப் பெண்தான். ஆகவே அவருக்கு வந்த மின்னஞ்சல் எல்லாமே மதிப்புக்குரிய அம்மணி என்றே வந்தது. மேனுஷா திருத்தி எழுதியும் எங்கோ ஒரு பட்டியலில் அது ஒட்டிக்கொண்டே கிடந்தது. கண்காட்சியில் மீசையும் தொந்தியுமாக அம்மணி வந்து நின்றதைக் கண்டு கொம்பனித் தலைவர் மாரெக் வொலின்ஸ்கி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பில் தொடங்கியது சிநேகம். இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரும் கையைக் கையோடு கொழுவி, ஒரே மூச்சில் குடித்து, கன்னத்தில் கொஞ்சி, ஒருவருக்கொருவர் சொந்தப் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். அது அங்கத்தைய வழக்கம். அதோடு ஐயா போய்விடும். இனி நீ, நான். மூத்தவர்தான் கேட்க வேண்டும். தியாகராஜா மூத்தவர் என்றபடியால் அவர்தான் கேட்டாராம். இல்லை, மாரெக்தான் கேட்டதாகவும் இன்னொரு நாள் சொன்னார்.

"இனி அவன் எனக்குத் தம்பி. நான் அவனுக்கு அண்ணை எண்டா, இந்தக் கந்தோரே அவனுக்கு அண்ணைதான்."

கந்தோரில் எல்லாரும் கை தட்டினார்கள். அதில் பிழை கண்டுபிடிக்க எங்கள் ஆக்களில் எவருக்கும் தோன்றாது. முதலாளியின் தம்பி எங்களுக்கும் தம்பி. முதலாளியின் மாமா எங்களுக்கும் மாமா. உறவு அப்படித்தான் பரவும். கையைக் கொழுவிக் குடித்த இரண்டு பேரோடு மட்டும் நின்றுவிடுகிற உறவு ஒன்று இருக்குமென்று யார் நினைப்பார்கள்?

மேனுஷா நினைத்தாள். நினைத்தும் பேசாமல் இருந்தாள்.

வியாழக்கிழமை தியாகராஜா அவளுடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, சொல்லச் சொல்ல எழுத வைத்தார்.

"மாரெக், தம்பி, என்ன, உன்ர சத்தத்தைக் காணேல்ல? ஈஸ்டர் லொறியைக் கெதியா ஏத்து. உன்ர ஆக்கள் நித்திரை போல, எழுப்பிவிடு. லண்டனுக்கு வா, ஆட்டிறைச்சி காய்ச்சித் தாறன். எழுதிட்டியோ?"

"அண்ணை, தலைவர் ஐயா எண்டு போட்டுத் தொடங்..."

"ஆரடி ஐயா? அவன் என்ர தம்பி. எழுது."

அவள் எழுதினாள். நீ, உன், வா. வார்சா ஹோட்டலின் துடைக்கிற மொழி விரலுக்குள் இன்னும் இருந்தது. வழக்கமான மின்னஞ்சல் சங்கிலியிலேயே மறுமொழி போனது. அந்தச் சங்கிலியில் இருந்த எல்லோருக்கும் போனது. எல்லா மின்னஞ்சலும் அந்தக் கந்தோரில் ஓடர்களுக்கான ஒரே முகவரியிலிருந்துதான் போகும். அடியில் கையொப்பம் தானாக வந்து விழும்: மேனுஷா, கொள்வனவுப் பிரிவு.

அது அவளுக்கு உறைத்தது பஸ்ஸில். கிங்ஸ்பரிக்குப் போகிற எழுபத்தொன்பதில் மேல்தட்டு முன் ஆசனத்தில் இருந்தவள், வெம்பிளி தாண்டும்போது அந்த மின்னஞ்சலைக் கைபேசியில் திறந்து, முதல்முறையாகப் போலந்தில் இருக்கிறவர்களின் கண்ணால் படித்தாள். லண்டனில் ஓடர் அடிக்கிற ஒரு பெட்டை, கொம்பனித் தலைவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வேலைக்காரரை எழுப்பச் சொல்லி, இங்கே வா இறைச்சி சமைத்துத் தருகிறேன் என்கிறாள். பிரதிகள் போன ஆட்களின் வரிசையைப் பார்த்தாள். பொழேனா. விற்பனை இயக்குநர். நிதி இயக்குநர் எவா வொலின்ஸ்கா.

வொலின்ஸ்கா. தலைவருடைய மனைவி.

தன் தரிப்பிடம் போனது அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது செவ்வாய். தியாகராஜா படியேறி வருகிற சத்தம் கேட்டது. அவள் திரையை மாற்றினாள்.

"என்ன பிள்ளை, என்ர தம்பி என்ன சொல்லுறான்?"

"பாத்துக்கொண்டிருக்கினமாம் அண்ணை."

"என்னத்தைப் பாக்கிறாங்கள்? போனை அடி."

அவரே அடித்தார். மாரெக் எடுக்கவில்லை. கந்தோர் எண்ணுக்கு அடித்தார். தலைவர் கூட்டத்தில் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் சொன்னது. தியாகராஜா தொலைபேசியை ஒருதரம் பார்த்தார்.

"பெரிய மனுசர் எண்டா கூட்டம்தானே," என்றார். ஆனால் முகம் கொஞ்சம் சுருங்கிப்போனது. போகும்போது திரும்பி நின்று, "லொறி வராட்டி இந்த வருசம் எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது பிள்ளை, சொல்லிப்போட்டன்," என்றார். எதைச் செய்ய ஏலாது என்று சொல்லவில்லை. அவளுக்கு அது ஜூன் என்றே கேட்டது.

மத்தியானம் அவள் கீழே இறங்கி, லொறிகள் நிற்கிற வெளியில் ஒதுங்கி, பொழேனாவுக்குத் தன் கைபேசியிலிருந்து எடுத்தாள்.

"நல்வணக்கம். மேனுஷா, லண்டனிலிருந்து."

"கேட்டுக்கொண்டிருக்கிறேன், ப்ரோஷெ பானி." தயவுசெய்து, அம்மணி. பேர் இல்லை.

"அம்மணிக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். வியாழக்கிழமைச் செய்தி பற்றி..."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது. பொழேனாவின் குரல் தாழ்ந்தது.

"திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெரிய திரையில் அது திறந்தது. ஓடரைக் காட்டப் போய் அது திறந்தது. விற்பனை இயக்குநர் சிரித்துவிட்டார். நிதி இயக்குநர் அம்மணி சிரிக்கவில்லை. தலைவர் எழுந்து போனார்."

"அது என் முதலாளி சொன்னது. நான் எழுதினேன், ஆனால்..."

"அடியில் அம்மணியின் பேர்தான் இருக்கிறது." பிறகு சொன்னாள்: "வெள்ளிக்கிழமை ஏற்றும் அட்டவணையை மூடுகிறோம். அந்த இடத்தை பர்மிங்ஹாமிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இதை நான் சொன்னதாக இருக்க வேண்டாம்."

மேலே வந்து கதிரையில் இருந்தாள். தானே மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினாள். தலைவர் ஐயா என்று போட்டாள். அடுத்த வரிக்கு மேல் போகவில்லை. எதை எழுதினாலும் பிழையாகவே வந்தது. முதலாளி சொல்லித்தான் எழுதினேன் என்றால், தியாகராஜாவை அவர்கள் முன்னால் கோமாளியாக்குவது. அந்தப் பொது முகவரியை அவரும் திறந்து பார்க்கிறவர், மொழிபெயர்க்க ஒரு பொத்தான் போதும். பிழை என்னுடையது என்றால், அதுவே தன்னை அனுப்பிவிட எழுத்தில் கொடுக்கிற சாட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடர் அடிக்கிற ஒருத்தி தலைவரிடம் நேரே மன்னிப்புக் கேட்பதே அடுத்த அதிகப்பிரசங்கம். தலைவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூடியவர் இன்னொரு தலைவர்தான். எழுதியதை அழித்தாள். திரை மறுபடி வெள்ளையானது.

ஆகவே தியாகராஜாவிடம் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்தைக் கையில் வைத்திருக்கிற ஆளிடமே போய், உங்களால்தான் கெட்டது என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்குச் சொல்லவில்லை. புதன்கிழமை காலை இரண்டுதரம் அவருடைய கதவுவரை போய்த் திரும்பினாள். முதல்தரம் அவர் போனில் இருந்தார். இரண்டாம் தரம் இருக்கவில்லை, அப்படியும் திரும்பிவிட்டாள். செபமாலைமுத்து கையொப்பத்துக்காக மேலே வந்தவர், அவளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன பிள்ளை, பேய் அறைஞ்ச மாதிரி?"

"ஒண்டுமில்லை முத்தண்ணை."

"ஒண்டுமில்லாததுக்கு ஏன் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? ஒண்டில் உள்ள போ, இல்லாட்டி விடு. நான் போக வேணும்."

அவருக்கு வழிவிடப் போய் அவள் உள்ளே போய்விட்டாள்.

தியாகராஜா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவள் நின்றபடியே சொன்னாள். பெரிய திரை, சிரித்த இயக்குநர், சிரிக்காத மனைவி, எழுந்து போன மாரெக், வெள்ளிக்கிழமை.

"அதுக்கென்ன?" என்றார் தியாகராஜா. "நான் அவனோட கை கொழுவிக் குடிச்சனான். பேர் சொல்லு எண்டு அவன்தானே கெஞ்சினவன்?"

"உங்களைச் சொல்லச் சொன்னவர் அண்ணை. என்னை இல்லை. அதுவும் அவரின்ர ஆக்களுக்கு முன்னால இல்லை."

"நீ எழுதினா நான் எழுதினதுதானே?"

"எங்களுக்கு அப்பிடி. அவையளுக்கு இல்லை."

"இது என்ன சிநேகம்? மேசையில ஒரு மாதிரி, கடதாசியில ஒரு மாதிரி?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இனிச் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று அவளுக்கே தெரியாது.

"அண்ணை, கனடாவிலயிருந்து உங்கட சிநேகிதர் எடுக்கேக்க என்னெண்டு கூப்பிடுறவர்?"

"ஆர், குகனோ? டேய் ராசா எண்டுவான். சின்னனில இருந்து அப்பிடித்தான்."

"அவரின்ர கடையில நிக்கிற பெடியன் ஒருத்தன் உங்களுக்கு எழுதுறான் எண்டு வையுங்கோ. டேய் ராசா, காசை அனுப்படா, இஞ்ச வா, சமைச்சுத் தாறன் எண்டு. அதை நீங்கள் இஞ்ச எல்லாருக்கும் முன்னால திறக்கிறியள். அண்ணியும் நிக்கிறா."

தியாகராஜா கண்ணாடியை இறக்கினார். வெகுநேரம் அதைத் துடைத்தார். கீழே ஒரு வண்டில் பின்வாங்கி ஊளையிடுவது கேட்டது.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம்தானே?"

"நீங்கள் பின்னால நிண்டனீங்கள்."

"நிண்டா?"

"பயம்."

"என்னிலயோ? நான் என்ன புலியோ கரடியோ? நான் உன்னை எப்பவாவது..."

"விசா ஜூனில முடியுது அண்ணை." தான் சொன்னதைத் தானே கேட்டு அவள் திடுக்கிட்டாள். ஆனால் வாய் நிற்கவில்லை. "நீங்கள் ஓம் எண்டா இருக்கிறன். இல்லையெண்டா போறன். அப்பிடி இருக்கேக்க உங்களுக்கு எப்பிடிப் பிழை சொல்லுறது?"

அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார். அவள் ஒரு குழந்தையை அடித்துவிட்டதுபோல நின்றாள். போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். பையில் என்னென்ன இருக்கிறது என்றுகூட மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

"இரு," என்றார். "எழுது. என்ர பேரில."

அவருடைய கணினியில், அவருடைய சொந்த முகவரியிலிருந்து எழுதினாள். தொடக்கத்தில் 'ஷனோவ்னி பானியே ப்ரெசெசியே', மதிப்புக்குரிய தலைவர் ஐயா. பிறகு: சென்ற வாரம் என் நிறுவனத்திலிருந்து வந்த செய்தியின் நடைக்காக என் வருத்தத்தை ஐயா ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அது நான் சொல்லி எழுதப்பட்டது. பொது முகவரியிலிருந்து போனது என் கவனக்குறைவு. ஐயாவின் தொழிற்சாலையோடுள்ள ஒத்துழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஈஸ்டர் ஓடர் தொடர்பாக ஐயாவின் கனிவான முடிவுக்காகக் காத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

"இதில தம்பி எண்டு ஒரு இடத்திலயும் வராதோ?"

"வராது அண்ணை."

"கடைசியில ஒருக்கா? சின்னதா?"

"ஏலாது."

இந்தச் சொல்லை அவருக்கு அவள் சொன்னது அதுதான் முதல்தடவை. அவர் பெருமூச்சு விட்டு, திரையில் தன் பேரைப் பார்த்தார். பேருக்கு அடியில் இயக்குநர் என்று போட்டிருந்தது.

"நான் என்ன பெரிய இயக்குநர்? மூண்டு வானும் ஒரு களஞ்சியமும்."

"அங்க அது வேணும். இல்லாட்டி அவருக்கு உங்களை என்னெண்டு கூப்பிடுறது எண்டு தெரியாது."

அனுப்பினார்கள். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவள் தேத்தண்ணீர் போட்டு, குடிக்காமல், ஆறவிட்டு, ஊற்றினாள். ஒவ்வொரு முறை மின்னஞ்சல் பெட்டியில் ஒரு எண் கூடும்போதும் திறந்தாள். பார்த்தால் தண்ணீர் போத்தல் விளம்பரமாக இருக்கும்.

வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு தியாகராஜா கண்ணாடிக்குள் இருந்து கை காட்டினார். மறுமொழி தலைவரிடமிருந்தே வந்திருந்தது. 'ஷனோவ்னி பானியே டிரெக்டோஷே.' மதிப்புக்குரிய இயக்குநர் ஐயா. ஐயாவின் செய்திக்கு நன்றி. விடயம் தெளிவுபடுத்தப்பட்டதாகக் கருதுகிறேன். லொறி திங்கட்கிழமை ஏற்றப்படும். விபரங்களைப் பானி பொழேனா அறிவிப்பார். உயர்ந்த மதிப்புடன்.

மேனுஷா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கல்லு மாதிரி எழுதியிருக்கிறான்," என்றார் தியாகராஜா. "சிநேகம் முடிஞ்சுதோ?"

"இல்லை அண்ணை. இது நல்ல கடிதம். உங்களை ஐயா எண்டுறார், நிதி அம்மணிக்கும் பிரதி போட்டிருக்கிறார். உங்கட மானமும் அவரின்ர மானமும் ஒண்டாத் திரும்பி வந்திருக்கு."

அவர் நம்பாமல் பார்த்தார். பின்னேரம் மாரெக் அவருடைய கைபேசிக்கு எடுத்தது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் கண்ணாடிக்குள்ளிருந்து பெரிய சிரிப்புக் கேட்டது. உடைந்த ஆங்கிலத்தில் ஆட்டிறைச்சி என்ற சொல்லும் கேட்டது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லொறி வருகிறது. ஆனால் தான் புதன்கிழமை சொன்னதற்கு அவர் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. நல்ல முகத்தோடு இருக்கிற மனிதர். இப்போது போய்க் கேட்டால், யோசிக்காத பிள்ளை என்பார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எந்த அதிகாரியின் முன்னால் போய் நிற்பது? லொறி இறங்கும், அடுத்த லொறி வரும், ஜூனும் வரும்.

வெள்ளிக்கிழமை காலை அவள் தன் சொந்த முகவரியிலிருந்து, இருபது அடிக்கு அப்பால் இருக்கிற மனிதருக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு. என் வேலை விசா ஜூன் மாதம் முடிவடைகிறது. அதை நீடிக்கத் தேவையான பொறுப்பை நிறுவனம் ஏற்குமா என்பதை இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் அறியத் தருமாறு தயவுடன் வேண்டுகிறேன். ஏற்காவிடின், நான் வேறு வேலை தேட வேண்டியிருக்கும் என்பதால் அதையும் அறிய விரும்புகிறேன். இப்படிக்கு.

அண்ணை என்ற சொல் இல்லாமல் அவருக்கு இதுவரை அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை. வாயால் ஒருநாளும் கேட்டிருக்கமாட்டாத ஒன்றை, வரிகள் அவளுக்காகக் கேட்டுக்கொண்டு நின்றன. பொத்தானில் விரல் வைத்தாள். அமத்தினாள்.

கண்ணாடிக்கு அப்பால் அவர் படிப்பது தெரிந்தது. உதடு அசைந்தது. முடித்துவிட்டு மேலே போய் மறுபடி படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து கதவைச் சாத்தினார். பிறகு போனை எடுத்தார். கணக்காளர் பிரீத்தாவாகத்தான் இருக்கும். கொம்பனியின் பேப்பர் வேலையெல்லாம் அவள்தான் பார்க்கிறவள். எவ்வளவு நேரம் பேசினார் என்று மேனுஷாவுக்குத் தெரியாது. ஒரே ஓடரை மூன்று தடவை அடித்து, மூன்று தடவையும் அழித்திருந்தாள்.

நாலு மணிக்குக் கிட்ட மறுமொழி வந்தது. அவருடைய ஆங்கிலத்தில், அவரே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தது.

மதிப்புக்குரிய மிஸ் மேனுஷா. உங்கள் கடிதம் கிடைத்தது. நிறுவனம் பொறுப்பு ஏற்கும். பேப்பர் வேலையை மிஸ் பிரீத்தா திங்கட்கிழமை தொடங்குவார். நன்றி. தியாகராஜா, இயக்குநர்.

அவள் அதை ஒரு பிரதி அச்செடுத்தாள். இன்னொன்றைத் தன் சொந்த முகவரிக்கு அனுப்பினாள். மூன்றாவதையும் அச்செடுத்தாள். பிறகு கழிவறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெளியே வந்தபோது தியாகராஜா மேலங்கியைப் போட்டுக்கொண்டு படியில் நின்றார். எப்போதும் இந்த நேரத்தில் ஏதாவது சொல்வார்: குளிருது, கழுத்தைச் சுத்து பிள்ளை, பஸ் வராட்டிச் சொல்லு, நான் இறக்கிவிடுறன். இன்றைக்கு ஒரு கையுறையைப் போட்டார், மற்றதைத் தேடினார், பையிலிருந்து எடுத்தார்.

"நான் வாறன்," என்றார். "போகேக்க ஹீட்டரை நிப்பாட்டிப்போட்டுப் போங்கோ."

அவளுக்கு அவர் எப்போதும் 'போ'தான்; 'போங்கோ' என்று ஒருநாளும் சொன்னதில்லை. படியிறங்குகிற சத்தம் நின்று, கீழே செபமாலைமுத்து எதையோ சொல்ல அவர் மறுமொழி சொல்வது கேட்டது. கார் கிளம்பியது. மேனுஷா ஹீட்டரை நிறுத்தினாள். நிறுத்தியதா என்று குனிந்து மறுபடி பார்த்தாள். கடிதம் பைக்குள் பத்திரமாக இருந்தது. அவர் இனித் திரும்பவும் 'பிள்ளை' என்பாரா, அதை அவள் கேட்கலாமா, கேட்பதென்றால் எப்படித் தொடங்கி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.